வரமாட்டேன் என்பதை பிரெஞ்சில்

கேள்வி: பாரிஸ் அலுவலகத் தோழர் இரவு விருந்துக்கு அழைக்கிறார். அன்று ஏற்கெனவே வேறு இடத்துக்கு ஒப்புக்கொண்டாயிற்று. பிரெஞ்சில் சுருக்கமாக எப்படி மறுப்பது?

பதில்: 'மெர்சி' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். பந்தியில் பரிமாற வரும்போது சொல்லும் வெறும் மெர்சிக்கு 'வேண்டாம்' என்றும் பொருள். கடிதத்திலோ அது வருவேன் என்பதா மாட்டேன் என்பதா என்று அவரைக் குழப்பும். 'மெர்சி, மே ஜ சுயி தேஜா ப்ரி' போதும்: நன்றி, ஆனால் எனக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. எழுதுபவர் பெண்ணென்றால் கடைசிச் சொல் 'ப்ரீஸ்'. ஆங்கில 'எங்கேஜ்ட்' நினைப்பில் 'ஆங்காஷே' போட்டால், கொள்கைப் போராளி என்று நினைத்துக்கொள்வார்! காரணம் சொல்லாதது மரியாதைக் குறைவில்லையா என்பீர்கள். 'தேஜா', அதாவது ஏற்கெனவே, என்ற சொல்லே காரணம்தான். யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்ற விவரம் சேர்த்தால் இரண்டு விருந்தையும் ஒப்பிடச் சொல்வதாகும். சாக்கு என்று சந்தேகப்படுவாரோ? அடுத்த வாரம் சந்திக்க ஒரு நாளை நீங்களே குறிப்பிட்டு எழுதுங்கள்.