மார்ச் 6 என்ற தேதியை எப்படிப் பிடித்தீர்கள்?

பெறுநர்:
மனிதவளத் துறைத் தலைவர் அவர்கள்,
(நிறுவனத்தின் பெயர், நாகரிகம் கருதி, தவிர்க்கப்படுகிறது)
சோழிங்கநல்லூர், சென்னை.

பொருள்: என்னை வேலையிலிருந்து அனுப்பியது - நன்றி தெரிவித்தல் மற்றும் சில விளக்கங்கள் கோருதல் - தொடர்பாக.

பார்வை: தங்களின் 3.3.2026 நாளிட்ட மின்னஞ்சலும், யாரும் திறக்க மாட்டார்கள் என்று நம்பி அதனுடன் அனுப்பிய ‘இணைப்பு - ஆ’வும்.

ஐயா அல்லது அம்மையீர்,

மின்னஞ்சலின் அடியில் ‘மக்கள் மகிழ்ச்சிக் குழு’ என்று மட்டும் இருந்தது. யாருடைய மகிழ்ச்சி என்று குறிப்பிடாததால் பொதுவாகவே விளித்திருக்கிறேன், பொறுத்தருள்க.

தங்கள் கடிதத்தை முழுவதும் படித்தேன். முதல் ஏழு பத்திகளில் உலகச் சந்தை, நாம் சேர்ந்து நடந்த பாதை, நம் குடும்பம், இந்த முடிவை எடுக்கத் தலைவர் பட்ட மனவேதனை எல்லாம் வருகின்றன. அவருடைய வேதனையைப் படித்து, அவருக்குத்தான் வேலை போய்விட்டதோ என்று பதறிப்போனேன். எட்டாவது பத்தியில்தான் விஷயம் புரிந்தது. அங்கேயும் தொகை, தேதி எதுவும் இல்லை. ‘விவரங்கள் இணைப்பில்’ என்றிருந்தது. இரண்டு பக்கம், பொடி எழுத்து. இனிமேல் இப்படியொரு கடிதம் யாருக்கு வந்தாலும் இணைப்பை முதலில் படியுங்கள், குடும்பப் பாசத்தை ஆறுதலாக அப்புறம் படிக்கலாம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.

முதலில் தேதி. என் கடைசி வேலை நாள் மார்ச் 6, வெள்ளிக்கிழமை என்கிறது இணைப்பு. என் நியமனக் கடிதமோ இரு தரப்புக்கும் 60 நாள் நோட்டீஸ் என்கிறது. மார்ச் 3-இல் நோட்டீஸ் கொடுத்தால் மே 2 வரை நான் தங்கள் ஊழியன். என் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தால் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இரு என்று சொல்லலாம். கார்டன் லீவ் என்ற பெயரில் உலகம் முழுக்க நடப்பதுதான். அப்போதும் கடைசி நாள் மே 2-தான். அல்லது நோட்டீசுக்குப் பதிலாகப் பணத்தைக் கொடுத்து உடனே அனுப்பலாம். அப்போது கடைசி நாள் மார்ச் 6. இரண்டு வழியிலும் கைக்கு வரும் சம்பளம் ஒன்றுபோலத் தெரிவதால், பலரும் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். நானும் போயிருப்பேன், ஆனால் எனக்கு நாள்களை எண்ணும் கெட்ட பழக்கம் உண்டு.

நான் சேர்ந்தது 2021 ஜூலை 12. கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும். ஐந்தாவது வருடத்தை முழுசாக முடிக்க வேண்டியதில்லை, அந்த வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே ஒரு வருடமாக எடுத்துக்கொள்ளலாம் என்று நம் சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொன்னது. வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனம் என்றால் சட்டம் கேட்பது 190 நாள்தான். இனி எண்ணிப் பாருங்கள். என் ஐந்தாவது வருடம் 2025 ஜூலை 12-இல் தொடங்கியது. சனி, ஞாயிறு எல்லாம் சேர்த்து எண்ணினால் 240-ஆவது நாள் மார்ச் 8. தாங்கள் என்னை அனுப்பும் மார்ச் 6 என்பது 238-ஆவது நாள். சனி, ஞாயிறை விட்டு எண்ணினால் மார்ச் 6 வரை 170 நாள், 190-க்கு இருபது நாள் குறைவு. மே 2 வரை என்றால் 210. அதாவது நோட்டீஸ் காலம் ஓடினால் எப்படி எண்ணினாலும் தேறுகிறேன். பணம் கொடுத்து அனுப்பினாலோ தங்களுக்குச் சாதகமான இரண்டு கணக்கிலும் தோற்கிறேன்.

என் பேசிக் 52,000 ரூபாய். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 30,000. ஐந்து வருடத்துக்கு ஒன்றரை லட்சம். இதில் ரசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆஃபர் லெட்டரில் என் வருடச் சம்பளத்தைப் பெரிதாகக் காட்ட, மாதம் 2,500 ரூபாய் ‘கிராஜுவிட்டி’ என்று அதற்குள்ளேயே சேர்த்திருந்தீர்கள். வேலைக்குச் சேரும்போது அது என் சம்பளம். இரண்டு நாள் முன்னதாக அனுப்பினால் தங்கள் சேமிப்பு. நல்ல நாள் பார்த்துக் கொடுத்த ஜோசியர் யார் என்று தெரிந்தால், என் தங்கை கல்யாணத்துக்கும் அவரிடமே முகூர்த்தம் குறிக்கலாம்.

அடுத்து தொகை. கடிதத்தின் ஒன்பதாவது பத்தி ‘இரண்டு மாத ஊதியம் சிறப்புத் தொகுப்பாக’ என்று சொல்லி என்னை நெகிழ வைத்தது. இணைப்பின் இரண்டாம் பக்கத்தில் அந்த நெகிழ்ச்சிக்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஒன்று, இங்கே ஊதியம் என்றால் பேசிக். இரண்டு, ‘நோட்டீஸ் காலத்துக்கான தொகை இதில் அடங்கும்’. பேசிக் இரண்டு மாதம் என்றால் 1,04,000 ரூபாய். நியமனக் கடிதப்படி நோட்டீசுக்குப் பதில் தர வேண்டியது இரண்டு மாத கிராஸ் சம்பளம், அதாவது 2,08,000. ஆக எனக்குத் தர வேண்டிய கடனில் பாதியைத் தந்துவிட்டு, அதற்குச் சிறப்புத் தொகுப்பு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். மீதி 1,04,000-ஐ நான் தங்களுக்கு நன்கொடையாகக் கொடுத்ததாகவே ஆகிறது. நன்கொடையாளர் பட்டியலில் என் பெயரைப் போடுவீர்களா?

பக்கத்து இருக்கை நண்பர் தன் கடிதத்தில் ‘இரண்டு மாதம்’ என்பதை மட்டும் பார்த்துவிட்டு, “பரவால்லடா, நல்லாத்தான் குடுக்கிறாங்க” என்றார். எத்தனை மாதம் என்று பார்ப்பதற்கு முன்னால் எந்தச் சம்பளத்தில், எதையெல்லாம் கழித்து என்று பாருங்கள் என்றேன். கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் பேசாமல் டீ குடிக்கப் போனார்.

மூன்றாவது, எனக்குப் புரியாத ஒரு மரியாதை. இந்தத் தொகுப்பைப் பெற, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போர்ட்டலில் நான் ராஜினாமா செய்ய வேண்டுமாம். காரணம் என்ற கட்டத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று ஏற்கெனவே நிரப்பி வைத்திருக்கிறீர்கள். தாங்கள் அனுப்பினால் அது ஆட்குறைப்பு. சட்டத்தின் பார்வையில் நான் தொழிலாளி என்றால், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும், பணியாற்றிய ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதியும் ஒரு வருடமாகக் கணக்காகும். நானே எழுதிக் கொடுத்துவிட்டால் அது ஆட்குறைப்பே இல்லை, கேட்க ஒன்றும் இல்லை. கூடவே ‘இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்’ என்ற படிவம். படித்துப் பார்க்க மூன்று நாள் அவகாசம் தந்த தாராளத்துக்கு நன்றி.

‘நீ டீம் லீட், மேலாளர் வகை, தொழிலாளி ஆக மாட்டாய்’ என்று தங்கள் பிரதிநிதி தொலைபேசியில் அன்போடு விளக்கினார். பதவிப் பெயரைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, அன்றாடம் என்ன வேலை பார்த்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். எனக்கு லீவு கொடுக்க, ஆள் எடுக்க, ஆள் நீக்க அதிகாரம் இருந்ததில்லை. காலையில் டெஸ்ட் கேஸ் ஓட்டுவேன், மாலையில் பக் எழுதுவேன். 2015-இல் நீக்கப்பட்ட ஓர் ஐடி ஊழியரை மீண்டும் பணியில் சேர்க்கச் சொல்லி 2022-இல் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரும் மேலாளர் வகை என்றே வாதிடப்பட்டது. ஏழு வருடம் ஆனது என்பதையும் மறக்கவில்லை. தங்கள் படிவத்தின் தைரியம் அந்த ஏழு வருடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இவ்வளவு விவரமாக எழுதிய தாங்கள், அடக்கம் காரணமாகச் சில விஷயங்களைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். கீழ்க்கண்டவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டுகிறேன். தொலைபேசியில் அன்பு நன்றாகக் கேட்கிறது, ஆனால் பதிவாவதில்லை.

1. மார்ச் 6 நான் அலுவலகம் வர வேண்டாத நாளா, அல்லது என் பணியே முடியும் நாளா? நோட்டீஸ் மே 2 வரை ஓடுகிறதா?

2. நோட்டீஸ் தொகை எவ்வளவு, அதற்கு மேலே தரும் தொகை எவ்வளவு? இரண்டையும் தனித்தனி வரியில் காட்டுங்கள்.

3. ‘கணக்கு முடிக்க 45 முதல் 60 வேலை நாள்’ என்கிறீர்கள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு, வேலையை விட்ட இரண்டு வேலை நாளுக்குள் ஊதியத்தைத் தரச் சொல்கிறது. அது மேலாளர்களுக்கும் பொருந்தும் என்பதால் டீம் லீட் வாதம் இங்கே உதவாது. கிராஜுவிட்டிக்கு 30 நாள். இதில் 60 எங்கிருந்து வந்தது?

4. குழு மருத்துவக் காப்பீடு எந்த நள்ளிரவில் முடிகிறது? என் அப்பாவுக்கு மார்ச் 18 அன்று கண்புரை அறுவை சிகிச்சை. அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசிக்கு மாற, பழைய பாலிசி நடப்பில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான படிவத்தை யாரிடம் கேட்க?

5. எடுக்காத விடுப்புக்குப் பணம் உண்டா? ஜனவரி முதல் சேர்ந்த போனஸ் பங்கு என்ன ஆகும்?

6. ரிலீவிங் லெட்டரில் என்ன காரணம் எழுதப் போகிறீர்கள்?

பதிலை என் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பவும். அலுவலகக் கணக்கை எந்த நிமிடமும் மூடிவிடுவீர்கள் என்பதால் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சம்பள உயர்வுக் கடிதங்கள், தங்கள் இணைப்பு எல்லாவற்றையும் பதிவிறக்கி வைத்துக்கொண்டேன். என் சொந்தத் தாள்கள் தவிர அலுவலகக் கோப்பு எதையும் தொடவில்லை. அதைக் காரணம் காட்டி அனுப்பும் வாய்ப்பைத் தங்களுக்குத் தர மனம் வரவில்லை.

போர்ட்டலில் ராஜினாமாப் பொத்தானை நான் அழுத்தவில்லை. அழுத்த மறந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறு கேள்விக்கும் பதில் தர நேரமில்லை என்றால் ஒன்று போதும். பி.எஃப். தளத்தில் நான் வேலையை விட்ட தேதியைத் தாங்கள் பதிய வேண்டும், விட்டதற்கான காரணத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த இரண்டு கட்டங்களை அரசாங்கத்திடம் எப்படி நிரப்புகிறீர்களோ, அதைத்தான் தங்கள் பதிலாக நானும் என் வக்கீலும் எடுத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
தங்கள் குடும்பத்தில் 238-ஆவது நாளில் உறவு அறுக்கப்பட்டவன்.