பெரிய கிளாக்கரின் கடைசி மெயில்

பதுளையிலிருந்து பிபிலைப் பக்கம் போகும் ஏ5 வீதியில் பசறையைத் தாண்டிவிட்டால் கண்ணுக்கு எட்டியவரை தேயிலைதான். அந்தத் தேயிலைக்குள் இருக்கும் எந்தத் தோட்ட ஆபிசுக்குப் போனாலும் அங்கே ஒரு பெரிய கிளாக்கர் இருப்பார். செருப்பை மேசைக்கடியில் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்தக் கண்ணாடியையே தேடிக்கொண்டிருப்பார். துரைமார் வருவார்கள், போவார்கள். பெரிய கிளாக்கர் அசையமாட்டார். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததையும் 1992இல் திரும்பக் கம்பனிகளிடம் கொடுத்ததையும் பற்றி அவரைக் கேட்டால், “வாசல்ல போர்டு மாறிச்சு, வேற என்னா” என்பார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கும் ஒரு கடைசி நாள் வருகிறது. முன்பெல்லாம் அன்றைக்கு ஒரு மாலை, ஒரு பொன்னாடை, ஸ்டாப் கிளப்பில் வடையும் டீயும், துரை வாசிக்கும் ஒரு தாள் என்பதோடு கதை முடியும். இப்போதும் அதெல்லாம் உண்டு. ஆனால் கொழும்புத் தலைமை ஆபிசில் ஒன்றரை வருடம் வேலை செய்த பிள்ளைகள்கூடப் போகும்போது எல்லோருக்கும் ஒரு மெயில் போட்டுவிட்டுப் போகிறார்கள். அதையெல்லாம் வாசித்து வாசித்துப் பெரிய கிளாக்கருக்கும் ஆசை வந்துவிடுகிறது. முப்பத்திரண்டு வருடம் உழைத்தவன் சும்மா போவதா?

எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் அண்மையில் இது நடந்தது. மனிதர் முதலில் தானே எழுதினார், ஒற்றை விரலால். வாழ்நாளெல்லாம் ஆபிஸ் கடிதம் எழுதிய கை அல்லவா, அது அதன் வழக்கப்படிதான் போனது. “மேற்படி விடயம் தொடர்பாக, நான் இன்றுடன் ஓய்வு பெறுகிறேன் என்பதைத் தங்களின் மேலான கவனத்துக்குக் கொண்டு வருகிறேன். தகுந்த நடவடிக்கை எடுக்கவும்.”

சின்னக் கிளாக்கர் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்னா நடவடிக்கை சார் எடுக்கிறது?”

பெரியவர் யோசித்தார். பதில் இல்லை. ஆகவே, உலகத்தில் இந்த மெயிலை எழுதுகிற எல்லோரும் செய்வதையே அவர்களும் செய்தார்கள். இதற்கு முன் போனவர் அனுப்பிய மெயிலைத் தேடி எடுத்து, பெயரை மாற்றினார்கள். முன் போனவர் டுபாய்க்குப் போனவர். அவர் யாருடையதைப் பார்த்து எழுதினாரோ தெரியாது. இந்த மெயில்களுக்கெல்லாம் மூதாதை ஒன்றுதான் இருக்கவேண்டும் என்பது என் துணிபு. “கனத்த இதயத்துடன்” என்பது எல்லாவற்றிலும் இருக்கிறது.

அடுத்தது நன்றி. அதில்தான் பெரிய கிளாக்கரின் கைவண்ணம் தெரியும். தலைமை ஆபிசின் பெரிய மனிதர்களுக்கு ஒரு வரி. துரைக்கு ஒரு வரி, சின்னத் துரைக்கு அரை வரி, டீமேக்கருக்கு அடைப்புக்குறிக்குள் இடம். கணக்குப் பிரிவுக்கு மட்டும் நாலு வரி. “உங்கள் வேகமும் நேர்த்தியும் என்றும் என் நினைவில் நிற்கும்” என்று முடிந்திருந்தது.

கணக்குப் பிரிவு வேகத்துக்குப் பெயர்போனதல்ல. ஆனால் பெரியவரின் கணக்கு வேறு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, மாதச் சம்பளக்காரருக்கு வேலை செய்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்கவேண்டும். முப்பத்திரண்டு வருடம் என்றால் பதினாறு மாதச் சம்பளம். வேலை முடிந்து முப்பது நாளுக்குள் அது கைக்கு வரவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. சேமலாப நிதிக்கு நிரப்பும் கே படிவத்திலும் கம்பனி உறுதிப்படுத்திக் கொடுக்கவேண்டும். இதெல்லாம் எந்த மேசையைத் தாண்டி வரவேண்டுமோ அந்த மேசைக்குத்தான் நாலு வரி. நன்றி என்பது நடந்ததற்கு மட்டும்தான் சொல்லவேண்டும் என்று யார் சொன்னது?

கடைசியில், “இந்தத் தோட்டத்தைத் தாங்கி நிற்கும் கொழுந்தெடுக்கும் தாய்மாருக்கும் என் நன்றி” என்று ஒரு வரி சேர்த்தார். நல்ல வரி. ஆனால் அந்த மெயில் போன ஆட்களில் ஒருவர்கூடக் கொழுந்து எடுத்ததில்லை. கொழுந்து எடுப்பவர்களில் ஒருவருக்கும் அந்த மெயில் போகவில்லை. அவர்களுக்கு அவர் காலையிலேயே பெரட்டுக் களத்தில் சொல்லிக்கொண்டுவிட்டார். அங்கே ஒரு அம்மா, “போற அன்னைக்காவது என் விட்டுப்போன அரைப்பேர செக்ரோல்ல போட்டுட்டுப் போங்க ஐயா” என்றார். போட்டுவிட்டுத்தான் வந்தார். நாலு பக்க மெயிலைவிட அந்த அரைப்பேர் பெரிது என்பேன்.

இனி இந்த மெயிலின் உயிர்நாடிக்கு வருவோம். “என்னுடன் தொடர்புகொள்ள விரும்புவோர்” என்று ஆரம்பித்துவிட்டுப் பெரிய கிளாக்கர் நிறுத்தினார். எதை எழுதுவது? மெயில் முகவரி கம்பனியுடையது. கொழும்பில் ஒரு பையன் ஐந்து மணிக்கு அதை அடைத்துவிடுவான். கைபேசியில் இருப்பதும் கம்பனி சிம். குடியிருக்கும் குவாட்டர்ஸ் கம்பனியுடையது, சாவியைக் கொடுத்தாயிற்று. முப்பத்திரண்டு வருடமாக அவரைத் தேடி வந்த கடிதமெல்லாம் அவர் பெயருக்குக் கீழே தோட்டத்தின் பெயரையும் பசறையையும் போட்டுத்தான் வந்தது. அதாவது, எந்த இடத்தை விட்டுப் போகிறாரோ அந்த இடம்தான் அவருடைய முகவரி.

லயத்து ஆட்களுக்கு இது புதிதில்லை. அங்கே தெருப் பெயரும் வீட்டிலக்கமும் இல்லாமல் எத்தனையோ தலைமுறை போய்விட்டது. பெயர், டிவிசன், தோட்டம், அவ்வளவுதான். கடிதம் ஆபிசுக்கு வரும், அங்கிருந்து யாராவது லயத்துக்குக் கொண்டுபோவார்கள். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கிடைத்த கதை ஊவாவில் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் ஒன்றாவது கிடைக்கும். அந்தக் கடிதக் கட்டைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவரே இன்று தனக்கொரு முகவரி தேடி உட்கார்ந்திருக்கிறார்.

போகிறவரிடம் கம்பனி வேறு ஒரு தாளில் கையெழுத்து வாங்கும். ஸ்டோரில் பாக்கி இல்லை, நலன்புரிச் சங்கக் கடன் இல்லை, மேசைச் சாவி ஒப்படைத்தாயிற்று என்று ஆளுக்கொரு கையெழுத்து. பழைய காலத்தில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. இன்ன கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொழிலாளி அடுத்த தோட்டத்துக்குப் போகமுடியும். அடுத்த தோட்டத்தில் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுப்பார்கள். 1921இல் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இந்தத் தாளில் கடன் இல்லை என்று எழுதுகிறார்கள், அந்த மட்டில் முன்னேற்றம்தான்.

முகவரிப் பிரச்சினையை மகள்தான் தீர்த்தாள். ஹாலிஎலவில் வாங்கிய துண்டுக் காணியின் முகவரி, புதிதாக எடுத்த மொபிட்டல் சிம், புதிதாகத் திறந்த ஜிமெயில் மூன்றையும் போனில் சொன்னாள். பெரியவர் அவற்றைப் பழைய பெரட்டுத் தாளின் பின்பக்கத்தில் எழுதி, அதைப் பார்த்துத் தட்டினார். தட்டி முடித்ததும் வெள்ளிக்கிழமை மாலை நாலு நாற்பதுக்கு “அனுப்பு” என்பதை அமுக்கினார். கம்பனியின் அத்தனை பேரும் இருக்கும் பட்டியலுக்கு.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் பதில் ஒரு பணிப்பாளரிடமிருந்து வந்தது. பெரிய கிளாக்கரை அவர் ஒருநாளும் கண்டதில்லை. “டுபாயில் உங்கள் புதிய பயணம் சிறக்கட்டும்” என்று வாழ்த்தியிருந்தார். பெயரை மாற்றியவர்கள் மூன்றாம் பந்தியை மாற்ற மறந்திருந்தார்கள். “பாலைவன மண்ணில் புதிய சவால்கள் எனக்காகக் காத்திருக்கின்றன” என்று அதில் அப்படியே இருந்தது. பிறகு ஒருவர் பின் ஒருவராக Reply All அமுக்கத் தொடங்கினார்கள். டுபாய், டுபாய் என்று அறுபது பேருடைய பெட்டி நிறைந்தது. மதுல்சீமைப் பக்கத்திலிருந்து ஒரு டீமேக்கர் மட்டும், “இந்த வயசுல ஏன் சார் போறீங்க?” என்று கேட்டிருந்தார். உண்மையான அக்கறை அந்த ஒரு பதிலில்தான் இருந்தது. அதுவும் எல்லோருக்கும் போனது.

ஐந்து மணிக்கு முகவரி அடைபட்டது. திங்கட்கிழமை பதில் எழுதியவர்களுக்கு மெயில் திரும்பி வந்தது. போன் எடுத்தவர்களுக்கு இன்னொரு வேடிக்கை. மெயிலின் நடுவில் புதிய இலக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் ஆபிஸ் கணினி ஒவ்வொரு மெயிலின் அடியிலும் தானாகவே பெயர், பதவி, ஆபிஸ் தொலைபேசி என்று ஒட்டிவிடும். மனிதர்கள் மெயிலை மேலிருந்து வாசிப்பார்கள், இலக்கத்தை மட்டும் அடியில் தேடுவார்கள். எல்லோரும் ஆபிசுக்கே எடுத்தார்கள். புதிய பெரிய கிளாக்கராகப் பதவியேற்ற சின்னக் கிளாக்கர் ஒவ்வொருவருக்கும், “இல்ல சார், டுபாய் இல்ல, ஹாலிஎல” என்று சொல்லிச் சொல்லியே முதல் வாரத்தை ஓட்டினார்.

ஜிமெயில் முகவரியில் ஓர் எழுத்து வேறு விடுபட்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. ஊருக்கு அனுப்பும் முன் அந்தப் புதிய முகவரிக்கு ஒரு மெயில் போட்டுப் பார்த்திருக்கவேண்டும். வந்து சேர்ந்தால் முகவரி சரி.

பணிக்கொடை என்ன ஆனது என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த நாலு வரி வேலை செய்தது. கணக்குப் பிரிவிலிருந்து தாள் இருபதாம் நாள் வந்துவிட்டது. ஆனால் அதையும் பழைய முகவரிக்கு, தோட்ட ஆபிசுக்குத்தான் அனுப்பியிருந்தார்கள்.

உங்களில் யாருக்காவது அடுத்த மாதம் கடைசி நாள் வருகிறதென்றால் தயவுசெய்து வெள்ளி மாலை வரை பார்த்திருக்காதீர்கள். வியாழன் காலையிலேயே அனுப்பிவிடுங்கள். பெயர்களை Bcc என்ற கட்டத்தில் போடுங்கள், பதில் உங்களுக்கு மட்டும் வரும். அடியில் தானாக ஒட்டும் ஆபிஸ் இலக்கத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் உங்கள் சொந்த இலக்கத்தைப் போடுங்கள். டுபாய்க்குப் போகாதவர்கள் மூன்றாம் பந்தியை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.