காளையா, ஆட்டுக்குட்டியா?

கேள்வி: கேமுக்காக 16-க்கு 16 புள்ளியில், மூன்றே நிறத்தில் காங்கேயம் காளை வரைந்தேன். பார்த்தவர்கள் “ஆட்டுக்குட்டி நல்லாருக்குங்க” என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
— தாராபுரம் வாசகர்

பதில்: முழு உருவத்தையும் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். நிழலிலேயே காளை தெரியாவிட்டால் எந்த நிறமும் காப்பாற்றாது. காங்கேயத்துக்கு அடையாளம் திமிலும், விரிந்து பின்னால் வளையும் கொம்பும்தான். திமிலை முதுகுக்கு மேல் மூன்று புள்ளி தூக்குங்கள். கொம்புகளுக்கு நடுவே இரண்டு புள்ளியாவது வெற்றிடம் விடுங்கள். அடைத்துவிட்டால் கொம்பு காதாகிவிடும், அங்கேதான் ஆட்டுக்குட்டி பிறந்திருக்கிறது! உடலுக்கு வெளிர்சாம்பல், திமிலுக்கும் தொடைக்கும் அடர்சாம்பல், கொம்புக்கும் குளம்புக்கும் கறுப்பு போதும். கண்ணுக்கு ஒரு புள்ளி, வாயை மறந்துவிடுங்கள். 1981-இல் ‘டாங்கி காங்’ கேமில் அதன் வடிவமைப்பாளர் மியாமோட்டோ மரியோவுக்கு மீசை வைத்ததும், அத்தனை சின்னக் கட்டத்தில் வாய் எடுபடாது என்பதால்தான்.