மூன்றாம் வகுப்பும் நாலாவது தட்டும்

சித்தூரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை சாப்பாட்டு இடைவேளை முடிந்து வகுப்புக்குத் தனியாக வருவதில்லை. கையில் பிசுபிசுப்பு, காலில் ஒரு படி மண், வாயில் ஒரு வழக்கு, இத்தனையையும் கூட்டிக்கொண்டுதான் வரும். பிசுபிசுப்பு பருவத்தைப் பொறுத்தது. ஜூனில் பள்ளி திறக்கும்போது உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட பெங்களூரா மாங்காய். அது ஓய்ந்தபின் சாப்பாட்டோடு தரும் கடலை சிக்கி. வழக்குக்குப் பருவம் கிடையாது. "டீச்சர், இவன் என் முட்டையில மஞ்சக்கருவை மட்டும் தின்னுட்டு வெள்ளையைத் திருப்பிக் குடுக்கறான்." ஆந்திரத்தில் மதிய உணவுத் திட்டத்துக்கு 2020இல் ஜகனன்ன கோருமுத்த என்று பெயர் வைத்தார்கள், 2024இல் அது டொக்கா சீதம்மா பெயருக்கு மாறியது. பெயர் மாறினாலும் முட்டை மாறவில்லை. முட்டை வழக்கும் மாறவில்லை.

எங்களுடையது தமிழ் வழிப் பிரிவு. பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, சண்டை மட்டும் இரண்டிலும். முப்பத்தாறு எட்டு வயதுகள் ஒரே நேரத்தில் இரு மொழியில் நியாயம் கேட்டால் எப்படி இருக்கும் என்பதைப் பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்த நேரத்தில் பெரும்பாலான ஆசிரியர்கள் செய்வது ஒன்றுதான். கத்துவார்கள். கத்தினால் ஏன் அடங்காது என்பதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் கவனித்துவிட்டார். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான். யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அவன் முடிவு செய்வதும் இல்லை. அதாவது நான் "அமைதி!" என்று ஒரு படி ஏறினால், மாங்காய் வியாபாரம் பேசிக்கொண்டிருக்கும் கடைசி வரிசை என்னை மீறிக் கேட்பதற்காக இரண்டு படி ஏறும். அவர்கள் அடங்காப்பிடாரிகள் அல்ல. பேச்சைத் தொடர்கிறார்கள், அவ்வளவுதான். "கை கட்டு, வாய் பொத்து" என்ற நம் பரம்பரை மருந்துக்கும் ஆயுள் குறைவு. வாயைப் பொத்திய கைக்குள்ளேயே பேசும் கலையை மூன்றாம் வகுப்பு கற்று வைத்திருக்கிறது.

திருப்பதியில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் என் தோழி இன்னொரு வழி கண்டாள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அலிபிரிப் படிக்கட்டு பழக்கம். யாரோ ஒருவர் "கோவிந்தா" என்றால் மலையே திரும்பச் சொல்லும். அதையே வகுப்பில் செய்தால் என்ன? மதியம் உள்ளே போய் ஒரே ஒரு "கோவிந்தா" போட்டாள். நாற்பது தொண்டைகள் ஒரே குரலில் பதில் சொல்லின. அத்தனை பேரும் ஒரு நொடியில் அவள் பக்கம் திரும்பியதில் அவளுக்கே புல்லரித்துவிட்டதாம். அடுத்த "கோவிந்தா" அவள் போட்டதல்ல, மூன்றாவது வரிசையில் ஒரு பையன் போட்டது. அதற்கும் பதில் வந்தது. அடுத்தது ஜன்னலோரத்திலிருந்து. ஊர்வலம் ஏதோ பள்ளிக்குள் புகுந்துவிட்டது என்று தலைமை ஆசிரியர் ஓடிவந்தார். படியேறிக் கால் ஓய்ந்தவருக்குத் தெம்பு ஊட்டுவதற்காக உண்டான குரல் அது. ஏற்கெனவே தெம்பு வழிகிற கூட்டத்தில் அதைப் போட்டால் தெம்பு இரட்டிப்பாகாமல் என்ன செய்யும்? எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் சாமி பெயராக இராது என்பது தனி விஷயம்.

ஆனாலும் அந்த முதல் நொடியில் ஒரு பாடம் இருந்தது. சத்தத்தை நிறுத்தச் சொன்னபோது கேட்காத கூட்டம், சத்தத்தில் சேரச் சொன்னபோது உடனே சேர்ந்தது. அப்படியானால் முதலில் அவர்கள் இருக்கும் உயரத்துக்கே ஏறிப் போய், அங்கிருந்து எல்லோரையும் படிப்படியாகக் கீழே இறக்க வேண்டும். ஏறுவது சுலபம். இறங்குவதற்குத்தான் ஐந்து நிமிடம்.

என் வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன். தண்ணீர் குடித்து, கை கழுவிவிட்டு உள்ளே வருகிறவர்களை உட்காரச் சொல்வதில்லை. அவரவர் இடத்தில் நிற்பார்கள். நான் ஒரு வார்த்தையும் பேசாமல் காலால் தரையில் தகதிமி போடுவேன். பலமாக, அவர்கள் ஓடிவந்த அதே வேகத்தில். முன்வரிசை பார்த்துச் சேரும். பின்வரிசைக்குக் காது எட்டாவிட்டாலும் தரை சொல்லிவிடும். அறை முழுவதும் ஒரே தாளத்துக்கு வர அரை நிமிடம், அதை அனுபவிக்க இன்னொரு அரை நிமிடம். இந்த நேரத்தில் வழக்கு எதுவும் எடுத்துக்கொள்ளப்படாது. தகதிமி போட்டுக்கொண்டே மஞ்சக்கருவைப் பற்றி வாதாட யாராலும் முடியாது.

அடுத்து தாளம் கைக்கு வரும். ஐந்து விரலும் சேர்த்து உள்ளங்கையில் தட்டு. சில சுற்று ஆனதும் நான்கு விரல், பிறகு மூன்று. இரண்டு விரலுக்கு வரும்போது தாளத்தை விடாமல் நான் உட்காருவேன், அவர்களும் உட்காருவார்கள். ஒரு விரல் வரும்போது முப்பத்தாறு பேர் தட்டுவதும் ஓட்டின்மேல் தூறல் விழுவதுபோல் ஆகிவிடும். இங்கே முக்கியம், வேகம் மாறக்கூடாது. சத்தம் மட்டும்தான் குறைய வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குறைத்தால் ஆளுக்கு ஒரு வேகத்தில் இழுத்து, தாளம் சிதறி, சிதறிய இடத்தில் பேச்சு முளைக்கும். விரல் எண்ணிக்கையை அவசரமாகக் குறைத்தாலும் அதே கதி. ஐந்திலிருந்து நேரே ஒன்றுக்குத் தாவினால் பாதிப் பேர் இன்னும் ஐந்திலேயே இருப்பார்கள்.

இப்போது கைகள் பழகிவிட்டன. பழகிய கைக்கு மூளை தேவையில்லை. சும்மா இருக்கும் மூளை மாங்காய்க்குத் திரும்பிப் போகும். ஆகவே சொல்லாமல் கொள்ளாமல் தகதிமியைத் தகிடவாக்குவேன், நான்கு போய் மூன்று. கவனித்தவன் மூன்றோடு நிற்பான். கவனிக்காதவனின் நாலாவது தட்டு அமைதியில் தனியாக விழும். வகுப்பே சிரிக்கும். இந்தச் சிரிப்பை நான் அடக்குவதில்லை. அடக்கினால் நிமிடக்கணக்கில் நீளும், விட்டால் சில நொடியில் தானே தீரும். அடுத்த சுற்றில் நாலாவது தட்டு விழாது. என்றைக்கு மாற்றுவேன், எப்போது மாற்றுவேன் என்பது அவர்களுக்குத் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் வேண்டுமென்றே நாலாவது தட்டு போடுவதற்கென்று ஒரு சங்கம் உருவாகும். உருவாகியிருக்கிறது.

கடைசிப் பகுதிக்கு நான் மரியா மாண்டிசோரிக்குக் கடன்பட்டவள். 1907இல் ரோம் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கியவர், 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் மூண்டதால் இந்தியாவிலேயே சில ஆண்டுகள் தங்கி நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் கண்டுபிடித்தது மௌன விளையாட்டு. ஒருநாள் நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றை வகுப்புக்குள் எடுத்துப்போய், இவ்வளவு அசையாமல் உங்களால் இருக்க முடியுமா என்று பிள்ளைகளைக் கேட்டாராம். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டிக்கு நின்றுவிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்த விளையாட்டில், எல்லோரும் அசையாமல் இருக்க, ஆசிரியை பின்னாலிருந்து ஒவ்வொரு பெயராகக் கிசுகிசுப்பார். பெயர் கேட்ட பிள்ளை சத்தமில்லாமல் எழுந்து போக வேண்டும். பரிசாக மிட்டாய் காட்டியும் பிள்ளைகளுக்கு அது தேவைப்படவில்லை என்று எழுதியிருக்கிறார். அவரை முழுமனதோடு மதிக்கிறேன். ஆனால் அவர் எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் கடலை சிக்கியைக் காட்டிப் பார்க்கவில்லை.

விளையாட்டின் வலு இதுதான். வெறுமனே சும்மா இரு என்றால் எட்டு வயதால் முடியாது, சும்மா இருப்பது ஒரு வேலையே அல்ல. தன் பெயர் வருகிறதா என்று காத்திருப்பது வேலை. சிக்கல் எண்ணிக்கையில். ஒரு பெயருக்கு ஐந்து நொடி என்றால் முப்பத்தாறு பேருக்கு மூன்று நிமிடம்; கடைசி ஆள் அதற்குள் கொதித்துவிடுவான். ஆகவே வரிசைக்கு ஒரு பெயர்தான் கூப்பிடுவேன், ஆறு வரிசைக்கு ஆறு பெயர். கூப்பிட்ட பிள்ளை வந்து என் மேசையிலிருந்து தன் வரிசைக்கான நோட்டுகளை எடுத்துப்போகும். யார் பெயர் வரும் என்று தெரியாததால் முப்பத்தாறு பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். முடியும்போது எல்லோர் முன்னாலும் நோட்டு இருக்கும். மௌனம் முடிந்தபின் "நோட்டை எடு" என்று சொல்ல நேர்ந்தால் பை திறக்கும் சத்தத்தில் பட்ட பாடெல்லாம் போய்விடும்.

வகுப்பிலேயே அதிகம் துள்ளுகிறவனை எப்போது கூப்பிடுவது? முதலில் கூப்பிட்டால் வேலை முடிந்த தெம்பில் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவான். கடைசிக்கு வைத்தால் வெடிப்பான். மூன்றாவதுதான் அவனுக்கு உகந்த இடம்.

பெயர் கூப்பிடுவதற்கு முன் கண்ணை மூடி வெளிச்சத்தங்களைக் கேட்கச் சொல்வேன். பாத்திரம் கழுவுவது, பேருந்தின் ஹாரன், காக்கை. அரை நிமிடத்துக்குமேல் நீட்டுவது ஆபத்து. பிற்பகலில் உடல் இயல்பாகவே சற்றுத் தொய்யும். சாப்பிடாதவர்களுக்கும் அந்தத் தொய்வு உண்டு. கண்மூடிய நிலையில் ஒரு நிமிடம் தாண்டினால் இரண்டு தலைகள் மேசையில் சாய்ந்துவிடும், பிறகு கணக்கு யாருக்கு? மூச்சுப் பயிற்சியை நான் விட்டதும் இதனால்தான். பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் பாம்பு சீறுவதில் போட்டி வைப்பார்கள். மதனப்பள்ளிப் பக்கம் கிருஷ்ணமூர்த்தியின் ரிஷி வேலிப் பள்ளியில் மாலையில் பிள்ளைகள் சூரியன் மறைவதைப் பார்த்து மௌனமாக உட்காருவார்கள். அழகான வழக்கம். மதிய வெயில் மண்டையைப் பிளக்கும்போது சூரியனை மறையச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.

நடந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. மின்விசிறி கிறீச்சிடுவது கேட்டால் நடந்தது. மழை நாளில் மட்டும் இது பலிக்காது. இடைவேளையில் வெளியே ஓடாத பிள்ளைக்குத் தகதிமி ஒரு நிமிடம் போதாது, இரண்டு மூன்று நிமிடம் குதிக்கவிட வேண்டும்.

தோழி திருப்பதியில் இதையே செய்கிறாள். அவள் பள்ளி மாடியில், கீழே அலுவலகம். காலுக்கு அனுமதியில்லாததால் தொடையில் தட்டித் தொடங்குகிறாள். எனக்கு வந்த தொந்தரவு பக்கவாட்டில். சுவருக்கு அந்தப்பக்கம் நான்காம் வகுப்பு சார் வந்து, "மேடம், உங்க தகதிமி எங்க பசங்களை எழுப்பிவிடுது" என்றார். மதியம் அவர் வகுப்பு அமைதியாகத்தான் இருக்கும், தூங்குவதால். பேசி முடித்ததில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இப்போது இரண்டு வகுப்பும் ஒரே நேரத்தில் தொடங்குகிறது. நான் தகிடவுக்கு மாறுவது அவர்களுக்குச் சுவர் வழியாகத் தெரிவதில்லை. ஆகவே எங்கள் மூன்றுக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து நாற்பது கைகளின் நாலாவது தட்டு தவறாமல் வந்து விழுகிறது. என் பிள்ளைகள் அவர்களைப் பார்த்து, "நாலாங்கிளாஸுக்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரியாது" என்று சிரிக்கிறார்கள்.