தொந்தரவுக்கு மன்னிக்கணும் அண்ணா

தொந்தரவு தராத ஜூனியரின் முதல் செய்தி இரவு பத்தே முக்காலுக்கு வரும். ‘ஹாய் அண்ணா’ என்பதோடு அது முடிந்துவிடும். அதற்கு மேல் எழுதினால் சீனியருக்குத் தொல்லை என்பது அவன் கொள்கை. கிண்டி அலுவலகத்துக்குப் போகும் சீனியர், மறுநாள் காலை தாம்பரத்தில் மின்சார ரயிலில் தொற்றிக்கொண்டு ‘சொல்லுப்பா’ என்று பதில் போடுவார். ‘எப்படி இருக்கீங்க அண்ணா?’ என்று வரும். ‘நல்லா இருக்கேன்’ என்று இவர் எழுதுவதற்குள் பல்லாவரம் போயிருக்கும். விஷயம் இன்னும் கிளம்பியிருக்காது.

கிழக்குத் தாம்பரத்துச் சென்னை கிறித்தவக் கல்லூரி, இந்த வகையினர் செழித்து வளர ஏற்ற இடம். 1837-ல் பள்ளியாகத் தொடங்கி, 1937-ல் நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிவந்த நிறுவனம் என்பதால், உறவு கொண்டாடப் பழைய மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரே துறை என்றால் நெருங்கிய சொந்தம். இல்லையென்றால் சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என்று விடுதி வழியில் பங்காளி முறை தேடப்படும். ‘சார்’ என்றால் அந்நியம், ‘ப்ரோ’ என்றால் மரியாதைக் குறைவு, ஆகவே அண்ணா. சீனியர் பெண்ணாக இருந்தால், அக்காவா மேடமா என்ற ஆலோசனையிலேயே ஒரு வாரம் போய்விடும்.

ஒருவழியாக முழுச் செய்தி வரும். அது ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘தொந்தரவுக்கு மன்னிக்கணும் அண்ணா. நீங்க ரொம்ப பிஸியா இருப்பீங்கன்னு தெரியும். பதில் போடலைன்னாலும் பரவாயில்லை. டைம் கிடைச்சா மட்டும், கட்டாயம் இல்லை, கரியர் பத்திக் கொஞ்சம் கைடு பண்ண முடியுமா? தப்பா கேட்டிருந்தா மன்னிச்சிடுங்க.’

இதில் மன்னிப்பு இரண்டு, விலக்கு மூன்று, பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றுகூட இல்லை. எழுதியவன் என்ன படிக்கிறான், எந்த வேலைக்குப் போக நினைக்கிறான், எங்கே தடுக்கிறது என்பதையெல்லாம் சீனியர்தான் கேட்டு வாங்க வேண்டும். பணிவு முழுவதும் ஜூனியருக்கு, வேலை முழுவதும் சீனியருக்கு. ‘ஞாயிற்றுக்கிழமை நிதானமா எழுதலாம்’ என்று அவர் ஒத்திப்போடுவார். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவே சரியாக இருக்கும். மூன்றாம் நாள் ஒரு கேள்விக்குறி மட்டும் வரும். ஐந்தாம் நாள் ரோஜாப்பூவோடு காலை வணக்கம். ஏழாம் நாள், ‘கோவமா அண்ணா?’

இதே ஆள் புள்ளியியல் மூன்றாம் ஆண்டு மாணவன் என்று வைத்துக்கொண்டால், எழுதியிருக்க வேண்டியது இது: ‘வணக்கம் அண்ணா. நம்ம காலேஜ்ல புள்ளியியல் மூணாம் வருஷம் படிக்கிறேன். நீங்க அதே துறையில படிச்சு டேட்டா அனலிஸ்ட் ஆனதைப் பார்த்துக் கேக்கிறேன். எக்ஸெல், எஸ்க்யூஎல் ஓரளவு தெரியும். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள பைத்தான் படிக்கிறதா, பவர் பிஐ படிக்கிறதா? ஒரு வரி போதும்.’

யார், ஏன் இவரிடம், இதுவரை என்ன செய்தாகிவிட்டது, ஒரே ஒரு கேள்வி: அவ்வளவுதான். சானடோரியத்தில் படித்துக் குரோம்பேட்டையில் பதில் போட்டுவிடலாம். லிங்க்ட்இன் இணைப்புக் கோரிக்கையோடு அனுப்பும் குறிப்பில் சில நூறு எழுத்துகளுக்கு மேல் இடமில்லை என்பதால், அங்கே மன்னிப்பு கேட்டால் கேள்விக்கு இடமிருக்காது. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல் போதும். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு அண்ணனைப் பார்க்க வேண்டியதுதான்.

ஆலோசனை கேட்பது வேறு, சிபாரிசு கேட்பது வேறு. முதல் செய்தியிலேயே ‘உங்க கம்பெனியில ஏதாவது இருந்தா பாருங்கண்ணா’ என்பது இரண்டையும் கெடுக்கும். ரெஃபரலில் ஒருவரைச் சேர்ப்பவர் தன் பெயரைப் பணயம் வைக்கிறார். அதைக் கேட்பவன் காலியிடத்தின் எண், ரெஸ்யூமே, தான் ஏன் பொருத்தம் என்று இரண்டு வரி ஆகியவற்றைத் தானே அனுப்ப வேண்டும். வழக்கமாக வருவதோ ‘நியூ ரெஸ்யூமே ஃபைனல் 2’ என்ற கோப்பு மட்டும்.

இத்தனைக்கும் இந்த ஜூனியர் கெட்டவன் இல்லை. வீட்டில் முதல் பட்டதாரியாக இருப்பான். அலுவலகம் என்றால் என்னவென்று கேட்க அவனுக்கு வேறு ஆள் இருக்காது. அந்தக் கேள்விக்குறியையும் ரோஜாப்பூவையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, பதில் கிடைத்த பிறகு அவன் காணாமல் போவது. எதைப் படித்தான், இன்டர்வியூ என்ன ஆயிற்று என்று ஒரு வரி வராது. வேலை கிடைத்த சேதியை, முன்னூறு பேரோடு சேர்ந்து லிங்க்ட்இனில்தான் சீனியரும் தெரிந்துகொள்வார். அடுத்த ஜூனியரின் ‘ஹாய் அண்ணா’வுக்குப் பதில் வராமல் போவதற்கு இவனே காரணம்.