அடிப்பக்கத்தைக் காட்டு

சர்க்கரை 240ஐத் தொட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் பலகாரம் என்பது நான் கண்ணால் மட்டும் தின்கிற பொருளாகிவிட்டது. அதனால் எனக்கு ஒரு லாபம் உண்டு. வாயில் போட்டுக்கொள்கிறவனுக்கு ருசி தெரிந்தால் போதும். வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறவன் மடிப்பு, விளிம்பு, கொப்புளம் வரைக்கும் பார்த்துவிடுவான். இரண்டு வருஷப் பட்டினியில் பலகாரப் படம் பார்ப்பதில் நான் ஒரு நிபுணன் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டிருந்தது. அந்த நம்பிக்கை போன பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் காலை எட்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தது.

டொரன்டோவில் இருக்கிற அண்ணன் மகள் குடும்பக் குழுவில் ஒரு தட்டைப் படம் பிடித்துப் போட்டிருந்தாள். அங்கே ராத்திரி. சமையல்கட்டில் மஞ்சள் விளக்கு. தட்டில் டிஷ்யூ காகிதம் விரித்து, அதன்மேல் மூன்று பலகாரம். மூன்றும் அரைவட்டம், மூன்றுக்கும் விளிம்பில் மடிப்பு. கீழே, "சித்தப்பா, எது எதுன்னு சொல்லுங்க பார்ப்போம். ரெண்டு நான் செஞ்சது. ஒண்ணு தஞ்சாவூர்லேர்ந்து பெட்டியில வந்தது" என்று எழுதியிருந்தாள்.

பிறை வடிவத்தில் நம் ஊரில் மூன்று பேர் உண்டு. பூரணம் வைத்து அரைவட்டமாக மடித்து ஆவியில் வேகவைத்தால் கொழுக்கட்டை. மைதாவில் பொட்டுக்கடலை மாவும் சர்க்கரையும் தேங்காயும் வைத்து எண்ணெயில் பொரித்தால் சோமாசி. உள்ளே கோவா வைத்துப் பொரித்து, அப்புறம் பாகில் முக்கி எடுத்தால் சந்திரகலா. வடக்கே பல ஊர்களில் சந்திரகலா என்றால் வட்டம்தான். தஞ்சாவூர்க்காரர்கள் கொஞ்சம் வானசாஸ்திரம் பார்க்கிறவர்கள் போலிருக்கிறது. வட்டத்தைச் சூரியகலா என்று சூரியனுக்குக் கொடுத்துவிட்டு, சந்திரனுக்குப் பாதியைத் தள்ளிவிட்டார்கள்.

இதில் எனக்கென்ன கஷ்டம்? வெள்ளையாக இருந்தால் கொழுக்கட்டை, பொன்னிறமாக இருந்தால் சோமாசி, மினுக்கினால் சந்திரகலா. இந்த மூன்று விதியை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன். மஞ்சள் விளக்கில் மூன்றும் ஏறக்குறைய ஒரே நிறம் என்பதால் முதல் இரண்டு விதியும் படுத்துவிட்டன. மூன்றாவது விதியைப் பிடித்துக்கொண்டேன். இடதுபக்கத்தது பளபளவென்று மினுக்கியது, ஆகவே சந்திரகலா. நடுவில் இருந்தது மங்கலாக, மேலே வெள்ளைப் பொடி பூசினாற்போல் இருந்தது. அரிசிமாவு, ஆகவே கொழுக்கட்டை. மிச்சம் வலதுபக்கம், சோமாசி. பதிலைத் தட்டிவிட்டு, காபிக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்கிற தைரியத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாம் தப்பு" என்றாள் அத்தை, தோளுக்குப் பின்னாலிருந்து.

அத்தைக்கு எண்பது வயது. திருவையாறு பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டு, ஐம்பது வருஷம் சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் அடுப்படியில் உட்கார்ந்து பதம் சொன்னவள். போனை என் கையிலிருந்து பிடுங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பார்த்தாள். பிறகு போனைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தாள்.

"என்ன அத்தை?"

"அடிப்பக்கம் எப்படியிருக்குன்னு பார்த்தேன்டா."

படத்துக்கு அடிப்பக்கம் கிடையாது என்பதை நான் விளக்கி முடிக்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. "அடிப்பக்கம் காட்டாத பலகாரம் என்ன பலகாரம்" என்று முனகிக்கொண்டே முன்பக்கத்துக்கு வந்தாள். என் ராஜ்யம் அதன் பிறகு சரிந்தது.

இடதுபக்கத்து மினுக்கலில் விரலை வைத்தாள். படம் பெரிதாயிற்று, அத்தை பயந்து கையை எடுத்தாள், மறுபடி வைத்தாள். "இது பாகு மினுக்கலா? பாகுன்னா கீழே வழிஞ்சு காலடியில தேங்கும். மடிப்புக்குள்ள ஒரு சொட்டு நிக்கும். இது நெத்தியிலேர்ந்து கால்வரைக்கும் ஒரே சீரா மினுக்குது. கையில நல்லெண்ணெய் தொட்டுச் சொப்புப் பண்ணியிருக்கா. இது கொழுக்கட்டை." கொழுக்கட்டை ஆவியிலிருந்து இறங்கிய முதல் அரைமணி நேரம் கல்யாணப்பெண் மாதிரி மினுக்கும், ஆறினால் அடங்கிவிடும். இவள் சூட்டோடு படம் பிடித்திருக்கிறாள்.

அப்புறம் தோலைக் காட்டினாள். வழவழவென்று இருந்தது, அதில் இரண்டு இடத்தில் லேசாக விரல் அமுங்கின குழி. ஆவியில் வெந்தது மாவின் மேல்தோலைக் கலைக்காது, கைவைத்த அடையாளம் வெந்த பிறகும் அப்படியே இருக்கும். எண்ணெயில் விழுந்தால் நடப்பது வேறு. மாவிலிருக்கிற ஈரம் சட்டென்று ஆவியாகி வெளியே வர முட்டும், தோல் பொடிப்பொடியாகக் கொப்பளிக்கும், விரல் அடையாளமெல்லாம் அதில் அழிந்துவிடும். வயிற்றுப் பக்கத்தில் தோல் மெலிந்த ஒரு இடத்தில் உள்ளேயிருக்கிற வெல்லப் பூரணம் நிழலாகத் தெரிந்தது. பொரித்த மைதா அப்படி உள்ளதைக் காட்டிக்கொடுக்காது. உட்கார்ந்த தோரணையும் கொழுக்கட்டைதான் என்றது. பொரித்தது மொறமொறவென்று தன் விளிம்பில் நிற்கும். இது சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் சாய்ந்த மிராசுதார் போல அடி பரந்து அமர்ந்திருந்தது.

"அப்ப நடுவில இருக்கிற பொடி?"

"பொடியா? அது சர்க்கரைடா. பூத்துப்போயிருக்கு."

பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளை எல்லா இடத்திலும் சமமாக இல்லை. மாவு தூவினால் மேடான இடத்தில்தான் படியும். இது மடிப்பின் பள்ளங்களில், கயிறு முறுக்கினாற்போல் இருந்த விளிம்பின் இடுக்குகளில், மணிமணியாக உட்கார்ந்திருந்தது. பாகு வடிந்து தேங்குகிற இடம் அதுதான். சந்திரகலாவுக்கு வைக்கிற பாகு ஒரு கம்பிப் பதத்தை ஒட்டி இருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகக் காய்ந்துவிட்டாலோ, ஊறி எடுத்த பிறகு இரண்டு மூன்று நாள் காற்றில் கிடந்தாலோ, தண்ணீர் போய்ச் சர்க்கரை திரும்பக் கட்டிக்கொள்ளும். தஞ்சாவூரிலிருந்து திருச்சி, அங்கிருந்து எங்கெங்கோ இறங்கி ஏறி, பெட்டியில் உள்ளாடைகளுக்கு நடுவே பயணம் செய்த சந்திரகலா பளபளப்பாக எப்படி வந்து இறங்கும்? ஆக, தட்டிலேயே பாகில் ஊறினது ஒன்றுதான், அது மினுக்கவில்லை. பாகைப் பார்க்காதது ஒன்றுதான் மினுக்கியது. என் மூன்றாவது விதிக்கு அன்றைக்கே கருமாதி.

போகட்டும், நிறம் தெரிந்திருந்தாலாவது தப்பித்திருப்பேனா என்று அத்தையைக் கேட்டேன். அதற்கும் அவள் இடம் கொடுக்கவில்லை. ஆவி 100 டிகிரியைத் தாண்டாது. மாவு சிவக்க 140 டிகிரியாவது வேண்டும். எண்ணெய் சுலபமாக 160, 170க்குப் போய்விடும். அதனால் வெந்தது வெளுப்பு, பொரிந்தது சிவப்பு என்பது கணக்குக்குச் சரி. வெல்லம் வந்து கணக்கைக் கெடுத்துவிடுகிறது. காரடையான் நோன்பு வெல்ல அடை ஆவியில் வெந்ததுதான், நிறத்தில் அதிரசத்துக்குத் தம்பி. போன மாசியில் ஒரு படத்தைப் பார்த்து நான் "அதிரசம் அருமை" என்று எழுதி, சம்பந்தி வீட்டார் முன்னால் அசடு வழிந்திருக்கிறேன்.

"நடுவில விரலால குழிச்சிருக்கான்னு பாரு, காராமணி எட்டிப்பார்க்குதான்னு பாரு. அதிரசத்துல ஏதுடா காராமணி?" என்றாள் அத்தை. அதிரசத்துக்குப் பாகில் ஊறுகிற வேலையெல்லாம் பொரிப்பதற்கு முன்னாலேயே, மாவிலேயே முடிந்துவிடுகிறது. வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டால் கையில் உருண்டு வருகிற பதத்தில் இறக்கி, ஈர அரிசிமாவில் கலந்து, இரண்டு மூன்று நாள் வைத்திருந்து தட்டிப்போடுவார்கள். பாகு பதம் குறைந்தால் எண்ணெயில் அதிரசம் பிரிந்து காணாமலே போகும். கூடினால் பல் வைத்தியர் பிழைப்பார். எடுத்தவுடன் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயை அழுத்திப் பிழிவதால், மேல்முகம் தட்டையாகி ஓரம் மட்டும் லேசாகக் கறுத்து வெடித்திருக்கும். நோன்பு அடைக்கு ஓரமும் நடுவும் ஒரே நிறம். வெளியே என்ன நிறமோ பிட்டாலும் அதே நிறம்.

வலதுபக்கத்துக்கு வந்தோம். இதிலாவது நான் பாஸாகிவிட்டேன் என்று நினைத்தேன். விளிம்பில் கையால் முறுக்கிய மடிப்பு இல்லை. சோமாசிக் கரண்டியின் சக்கரம் ஓடின பல்பல்லான வெட்டு. அந்தக் கரண்டியை அண்ணி கட்டாயம் பெட்டியில் வைத்தனுப்பியிருப்பாள்.

"சோமாசிதான் அத்தை."

அத்தை பதில் சொல்லவில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்கிற குரலில், "கொப்புளத்தைக் காணுமே" என்றாள்.

இல்லைதான். தோல் மழமழவென்று காய்ந்திருந்தது. உச்சியும் விளிம்பும் சிவந்திருக்க, வயிற்றின் இரண்டு பக்கமும் வெளுத்திருந்தன. எண்ணெயில் மிதக்கிறதைத் திருப்பித் திருப்பி விடும்போது சிவப்பு எல்லாப் பக்கமும் ஏறும். இதற்கு ஏதோ மேலிருந்தும் கீழிருந்தும் மட்டும் சூடு பட்டிருக்கிறது.

"டிஷ்யூவைப் பாரு" என்றாள் அத்தை. பார்த்தேன். கொழுக்கட்டைக்குக் கீழே காகிதம் ஈரத்தில் சுருங்கியிருந்தது. சந்திரகலாவின் காலடியில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. சோமாசிக்குக் கீழே காகிதம் கடையில் வாங்கின அன்று இருந்த மாதிரியே இருந்தது. எண்ணெயில் குளித்துவிட்டு வந்த எதுவும் காகிதத்தில் கண்ணாடி மாதிரி ஒரு வட்டமாவது விடாமல் உட்கார முடியாது.

"கேளு அவளை. அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லு."

எழுதினேன். அந்தப் பக்கம் டைப் செய்வதும் நிறுத்துவதுமாகக் கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு ஒரு படம் வந்தது. சோமாசி மல்லாந்து கிடந்தது. அதன் அடியில், ஜன்னல் கம்பி மாதிரி, சரிசமமான இடைவெளியில் நான்கு பழுப்புக் கோடுகள். கூடவே, "அத்தைப் பாட்டி, எண்ணெய் வேணாம்னு ஓவன்ல வெச்சேன். மேல கொஞ்சம் நெய் தடவினேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அத்தை கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாயிருக்குன்னு எழுதுடா. கொழுக்கட்டை நல்லாயிருக்கு, சந்திரகலா கடைக்காரன் செஞ்சது, அந்த பிஸ்கட்டுக்கு மட்டும் டீ போட்டுக்கச் சொல்லு."