மேலுதட்டு வெற்றிடமும் அமைச்சகப் பிரிவும்: ஒரு முதற்கட்ட ஆய்வு

நெடுநாள் மீசை வைத்திருந்த குமாஸ்தா ஒருவர் திடீரென்று அதை மழித்துவிட்டு அலுவலகம் போனால் என்ன நடக்கும்? இதுபற்றி மத்திய அரசு இன்றுவரை குழு எதையும் அமைக்கவில்லை. எனவே இக்கட்டுரை. ஆய்வுக்காக ஒருவரைப் புனைந்துகொள்வோம். அவரை 'மீ' என்போம். தில்லி சாஸ்திரி பவனில் உதவிப் பிரிவு அலுவலர், ஆர்.கே.புரம் குடியிருப்பு, கும்பகோணம் பூர்வீகம். முன்வழுக்கை உண்டு. இந்த வழுக்கை ஆய்வின் போக்கைப் பிற்பாடு வெகுவாகக் கெடுக்கும்.

முதலில் ஆவண நிலை. அரசு ஊழியரின் பணிப் பதிவேட்டு முதல் பக்கத்தில் உயரம் உண்டு, அங்க அடையாளம் உண்டு. மீயின் அடையாளம் இடது முழங்கையில் ஒரு மச்சம். மீசையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பக்கத்துப் பதிவுகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்கவோ மறுசான்று இடவோ வேண்டும் என்று படிவத்தின் கீழேயே அச்சிட்டிருக்கிறது. ஆக, அரசின் பார்வையில் திங்கட்கிழமை காலை மீயிடம் எந்த மாற்றமும் நிகழவில்லை.

சகாக்களின் பார்வையிலும் ஏறத்தாழ அப்படித்தான். வாயிற்காவலர் அடையாள அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், உள்ளே விட்டார். பக்கத்து மேசைக்காரர், "கண்ணாடி புதுசா?" என்றார். டெஸ்பாட்ச் அம்மாள், "இளைச்சுட்டீங்க, சுகர் பாத்தீங்களா?" என்று தமிழிலேயே கேட்டார். ஏதோ மாறியிருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. எது என்றுதான் தெரியவில்லை. இதில் வியக்க ஒன்றுமில்லை. கார்னெல் பல்கலைக்கழக வளாகத்தில் சைமன்ஸ், லெவின் என்ற இருவர் செய்து 1998-ல் வெளியிட்ட சோதனையில், வழி கேட்டுக்கொண்டிருந்தவரை நடுவில் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு போய் ஆளையே மாற்றினார்கள். வழி சொன்ன 15 பேரில் ஏழு பேருக்குத்தான் ஆள் மாறியது தெரிந்தது. முழு மனிதனுக்கே இந்தக் கதி என்றால் அரை அங்குல ரோமத்துக்கு எங்கே போவது?

சட்டென்று கண்டுபிடித்தது டீ கொண்டுவரும் பையன். "மூச் கஹான் கயீ, சாப்?" என்றான். அவன் பார்வை தினமும் மேலுதட்டில்தான் விழுகிறது. கிளாஸைத் திரும்ப வாங்க அங்கேதானே காத்திருக்கிறான்.

அதன்பின் ஆய்வு வேறு திசையில் போனது. வட இந்தியாவில் பல இந்துக் குடும்பங்களில் தகப்பனார் இறந்தால் மகன் தலையையும் மீசையையும் மழிப்பது வழக்கம். பையன் கேட்டது அறைக்குள் பரவியதும், பிரிவு அலுவலர் ஷர்மாஜி எழுந்து வந்து மீயின் உதட்டைப் பார்த்தார், பிறகு தலையைப் பார்த்தார். துக்கத்தைக் கணிக்கும் முறை அதுதான்: உதடு காலி, தலை நிறைவு என்றால் ஃபேஷன், இரண்டும் காலி என்றால் பிதாஜி. மீயின் தலையோ இரண்டுக்கும் நடுவில் இருந்தது. ஷர்மாஜி ஐயத்தின் பலனைத் துக்கத்துக்கு அளித்தார். குரலைத் தாழ்த்தி, "கப் ஹுவா?" என்றார். எப்போது நடந்தது என்று பொருள். மீசை மழித்த நாளைக் கேட்கிறார் என்று நினைத்து மீ, "நேத்து ராத்திரி" என்றார்.

மறுக்க வேண்டியவர் மறுக்காமல் பதில் சொன்னதுதான் பிழை. உணவு இடைவேளைக்குள் இரங்கல் மூன்று பிரிவுகளைத் தாண்டியது. கோப்புகள் இரண்டு நாளாகத் தேங்கியிருந்தும் யாரும் கேட்கவில்லை. மாலையில் ஒரு உறையில் வசூல் பணம் வந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க முயன்றபோதுதான் உண்மை வெளிவந்தது. மறுநாளிலிருந்து அவர் பெயர் நத்துலால். 1984-ல் வந்த 'ஷராபி' படத்தில் முக்ரி நடித்த மீசைக்காரர் பெயர். மீசை இல்லாதவருக்கு அதைச் சூட்டுவது தில்லி நகைச்சுவை.

வீட்டில், வீடியோ அழைப்பில் கும்பகோணத்து அப்பா மகனைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். தமிழ்நாட்டிலும் கருமாதிக்கு மீசை எடுக்கும் வீடுகள் உண்டு. "டேய், நான் இன்னும் இருக்கேன்டா" என்றார்.

எனவே மீ மீண்டும் வளர்க்கத் தொடங்கினார். முக ரோமம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். இரண்டாம் வாரத்தில் உதட்டின் மேல் அழுக்கு போல ஒன்று நிற்கும். துக்க காலத்தில் சவரம் செய்யாமல் இருப்பதும் வழக்கம் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. விடுப்பு முடிந்து அன்றுதான் திரும்பிய துணைச் செயலர், நடைபாதையில் அவரை நிறுத்தித் தோளில் கை வைத்தார்.